பாஸ்போர்ட்டுக்கு வாங்கிய என்.ஓ.சி. வெளிநாட்டுப் பயணத்துக்குப் போதுமா?

கேள்வி: "கிருஷ்ணகிரியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு 2026 மே மாதம் பிரசவம். ஒரு மாதம் கூட இருந்துவிட்டு வரவேண்டும். மூன்று வருடம் முன்பு பாஸ்போர்ட் எடுக்கும்போதே ஆபீசில் என்.ஓ.சி. வாங்கிவிட்டேன். ஈ.எல். போட்டுவிட்டுக் கிளம்பினால் போதுமா? லீவு தேதியை எப்படிக் கணக்குப் போடுவது?"

போதாது அம்மா. உங்கள் கையில் இருப்பது பாஸ்போர்ட் எடுக்க உங்கள் துறைக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லும் காகிதம் மட்டும்தான். பாஸ்போர்ட் உங்கள் கைக்கு வந்த அன்றே அதன் வேலை முடிந்துவிட்டது. இந்தப் பயணத்துக்கு இன்னும் இரண்டு உத்தரவுகள் வேண்டும். ஒன்று, இந்த நாட்டுக்கு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இன்ன காரணத்துக்காகப் போய்வரலாம் என்ற வெளிநாட்டு அனுமதி. இன்னொன்று, அந்த நாட்களுக்கான ஈட்டிய விடுப்பு உத்தரவு. தருமபுரி மாவட்டத்தில் பணியமைப்புப் பிரிவில் பல வருடம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கோப்புகள் எங்கே சிக்கும் என்பதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். எல்லாத் துறைக்கும் படிவம் ஒரே மாதிரி இருக்காது. அதனால் எல்லாருக்கும் பொதுவானது எது, உங்கள் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டியது எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஆபீஸ்களில் மூன்று வெவ்வேறு காகிதங்களுக்கு என்.ஓ.சி. என்ற ஒரே பெயர்தான் புழங்குகிறது. பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கொடுப்பது ஒன்று. அதற்கென்று பாஸ்போர்ட் விதிகளிலேயே 'ஜி' இணைப்பு என்று ஒரு மாதிரி உண்டு. அது கிடைக்கத் தாமதமானால், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று துறைக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு 'எச்' இணைப்பை வைத்து விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. இரண்டாவது, துறை தரும் வெளிநாட்டு அனுமதி. அதையும் பேச்சில் என்.ஓ.சி. என்றே சொல்வார்கள். மூன்றாவது, விசாவுக்காக முகவர் கேட்கும் கடிதம். இவர் எங்கள் அலுவலகத்தில் பணிபுரிகிறார், இன்ன தேதி வரை விடுப்பில் இருப்பார், திரும்பி வந்து பணியில் சேர்வார் என்று ஆங்கிலத்தில் எழுதித் தருவது. பிரிவில் போய் "என்.ஓ.சி. வேண்டும்" என்று மட்டும் கேட்டால், கேட்பவர் ஒன்றை நினைப்பார், இருக்கைப் பணியாளர் இன்னொன்றை நினைப்பார். "சிங்கப்பூர் செல்ல அனுமதியும் விடுப்பும் கோரும் விண்ணப்பம்" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

களஞ்சியம் செயலியில் ஈ.எல். போட்டு, அதிகாரி ஒப்புதல் கொடுத்துவிட்டார், இனி கிளம்பலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த ஒப்புதல் விடுப்புக்கு மட்டும்தான். விடுப்பில் இருக்கும்போதும் நீங்கள் அரசு ஊழியர்தான். அதனால் நாட்டை விட்டுப் போகத் தனியாக அனுமதி வேண்டும். விடுப்பை உங்கள் அலுவலகத் தலைவரே கொடுத்துவிடலாம். வெளிநாட்டு அனுமதி பெரும்பாலும் அவருக்கு மேலே, சில துறைகளில் சென்னையில் இருக்கும் துறைத் தலைவர் வரை போகும். இது துறைக்கும் பதவிக்கும் தகுந்தபடி மாறும் என்பதால் நான் இங்கே ஒரு பதவியின் பெயரைச் சொல்வது சரியாக இருக்காது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் கடைசியாக வெளிநாடு போய்வந்தவருக்குச் செயல்முறைகள் என்ற தலைப்பில் வந்த அனுமதி உத்தரவை வாங்கிப் பாருங்கள். மேலே யார் உத்தரவிட்டார் என்பது இருக்கும். "பார்வை" என்ற இடத்தில் எந்த அரசாணை, யார் யாருடைய பரிந்துரைக் கடிதம் என்று வரிசையாக இருக்கும். உங்கள் கோப்பு போக வேண்டிய வழி அதுதான். அந்த நகல் ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்போது தேதிக் கணக்குக்கு வருகிறேன். கோப்புகள் அதிகம் திரும்பி வருவது இந்த இடத்தில்தான். 2026 நாட்காட்டியில் மே 1 வெள்ளிக்கிழமை, மே தின விடுமுறை. அடுத்து 2 சனி, 3 ஞாயிறு. திங்கட்கிழமை 4-ஆம் தேதியிலிருந்து 29-ஆம் தேதி வெள்ளி வரை விடுப்பு எடுத்தால் 26 நாள். 30 சனி, 31 ஞாயிறு. ஜூன் 1 திங்கள் காலை பணியில் சேரலாம். முன்னால் மூன்று நாளையும் பின்னால் இரண்டு நாளையும் விடுப்போடு இணைத்துக்கொள்ள அனுமதி கேட்டால், 26 நாள் ஈ.எல். செலவில் 31 நாள் கிடைக்கிறது. இடையில் வரும் சனி, ஞாயிறு, பக்ரீத் எல்லாம் விடுப்பாகவே கணக்காகும், அவற்றைக் கழிக்க முடியாது. முன்னும் பின்னும் வரும் விடுமுறைகளையும் விண்ணப்பத்திலேயே தேதி போட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் உத்தரவிலும் வராது. முன்னால் இரண்டு நாள் சி.எல். போட்டு, அதைத் தொடர்ந்து ஈ.எல். என்று சிலர் எழுதுவார்கள். தற்செயல் விடுப்பை ஈட்டிய விடுப்போடு சேர்க்க முடியாது. அந்த ஒரு வரிக்காகவே கோப்பு திரும்பி வரும்.

விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் பணிப் பதிவேட்டில் விடுப்புக் கணக்கைப் பாருங்கள். நிரந்தரப் பணியாளருக்கு ஜனவரி 1-இலும் ஜூலை 1-இலும் 15 நாள் வீதம் வரவாகும். சரண்டர் செய்து பணமாக வாங்கியதும் முன்பு எடுத்ததும் கழிக்கப்பட்டு, இன்றைய தேதிக்கு 26 நாளுக்கு மேல் இருப்பு நிற்கிறதா என்று பாருங்கள். பல பதிவேடுகளில் கடைசி இரண்டு மூன்று அரையாண்டு வரவு எழுதப்படாமலே கிடக்கும். நாள் உங்களிடம் இருக்கும், ஆனால் காகிதத்தில் இருக்காது. மேலிருந்து "விடுப்பு இருப்புச் சான்று இணைக்கவும்" என்று கேட்டுக் கோப்பு திரும்பினால் மூன்று வாரம் போய்விடும். பதிவேட்டை முதலிலேயே எழுதி முடிக்கச் சொல்லுங்கள். அது பிரிவின் வேலைதான், ஆனால் அவசரம் உங்களுடையது. அதனால் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து முடித்துவிடுவது நல்லது.

அனுமதித் தேதி வேறு, விடுப்புத் தேதி வேறு. அனுமதி என்பது நீங்கள் ஊரை விட்டுப் புறப்படும் நேரத்திலிருந்து திரும்பும் நாள் வரை முழுவதையும் மூட வேண்டும். விடுப்பு முதல் வேலை நாளிலிருந்து கடைசி வேலை நாள் வரை மூடினால் போதும். உங்கள் கணக்கில் விடுப்பு மே 4-இல் தொடங்குகிறது. ஆனால் ஏப்ரல் 30 வியாழன் மாலை அலுவலகம் முடிந்ததும் கிளம்பினால்தான் பெங்களூரில் அன்று நள்ளிரவு விமானத்தைப் பிடிக்க முடியும். அப்படியானால் அனுமதி ஏப்ரல் 30 மாலையிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு நண்பர் விடுப்புத் தேதியையே அனுமதித் தேதியாகவும் எழுதிக் கொடுத்தார். உத்தரவும் அப்படியே வந்தது. அவர் மூன்று நாள் முன்னதாக, விடுமுறையிலேயே கிளம்பிவிட்டார். திரும்பி வந்து பாஸ்போர்ட் நகலை ஒப்படைத்தபோது, குடியேற்ற முத்திரையில் இருந்த தேதி அனுமதிக்கு முன்னால் இருந்தது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. தண்டனை எதுவும் இல்லை, விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் இரண்டு மாதம் தூக்கமில்லாமல் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்தக் கோப்பைச் சரிபார்த்து அனுப்பியவன் நான்தான். தேதியைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதன்பிறகு எந்த விண்ணப்பம் வந்தாலும் முதலில் "எந்த நேரத்து விமானம்?" என்றுதான் கேட்பேன்.

விமான நேரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. டிக்கெட்டில் மே 1, 00:40 என்று இருந்தால் அது வியாழன் இரவு முடிந்து வெள்ளி பிறக்கும் நேரம். வெள்ளி இரவு என்று நினைத்து விமானத்தைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல். ஓசூர் தாண்டியதும் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று மாலை நெரிசலுக்குள்தான் போக வேண்டும். 5.45-க்கு அலுவலகம் முடிந்து கிளம்பி இரவு 11 மணி விமானத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நள்ளிரவு தாண்டிய விமானம்தான் சரிவரும்.

அந்த விமானத்தில் போனால் மே 1 காலை சிங்கப்பூரில் இறங்குவீர்கள். அங்கே தங்கும் நாளை முடிவு செய்வது அந்த நாட்டுக் குடியேற்றத் துறை. விசா செல்லுபடியாகும் காலம் வேறு, இறங்கியபிறகு தங்க அனுமதிக்கும் நாள் வேறு. கடைசியாக எந்தத் தேதி வரை இருக்கலாம் என்பது இறங்கியதும் மின்னஞ்சலுக்கு வரும் அனுமதிச் சீட்டில் இருக்கும். நம்மவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது 30 நாள் வரை. மே 1-ஐயும் சேர்த்து எண்ணினால் மே 30 வருகிறது. ஆகவே சனிக்கிழமை 30-ஆம் தேதி மாலை விமானத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரவே பெங்களூர் வந்துவிடலாம், ஞாயிறு ஒரு நாள் ஓய்வு, திங்கள் காலை கையெழுத்து. அந்த ஞாயிறை விட்டுவிடாதீர்கள். விமானம் ரத்தானாலோ தாமதமானாலோ உங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு நாள்தான்.

இவ்வளவையும் வைத்து விண்ணப்பத்தின் முக்கியப் பகுதியை இப்படி எழுதலாம்: "எனது மகள் சிங்கப்பூரில் வசித்து வருகிறார். அவரது பிரசவத்தின்போது உடனிருக்கும் பொருட்டு, 30.04.2026 அலுவலக நேரத்திற்குப் பின் புறப்பட்டு 31.05.2026 வரை சிங்கப்பூர் சென்று வர அனுமதி வழங்குமாறும், 04.05.2026 முதல் 29.05.2026 முடிய 26 நாட்களுக்கு ஈட்டிய விடுப்பு வழங்குமாறும், 01.05.2026, 02.05.2026, 03.05.2026 ஆகிய விடுமுறை நாட்களை விடுப்பின் முன்னும், 30.05.2026, 31.05.2026 ஆகிய விடுமுறை நாட்களை விடுப்பின் பின்னும் இணைத்துத் துய்க்கவும், மேற்படி நாட்களில் தலைமையிடம் விட்டுச் செல்லவும் அனுமதிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." நீளமான வாக்கியம்தான். ஆனால் உத்தரவு எழுதுபவர் இதை அப்படியே எடுத்துப் போடுவார். நீங்கள் "சுமார் ஒரு மாதம்" என்று எழுதினால் அவர் தன் கணக்கில் ஒரு தேதியைப் போடுவார், அது உங்கள் டிக்கெட்டோடு ஒத்துப்போகாது.

அடுத்த பத்தியில் செலவு. பயணச் செலவு தோராயமாக எவ்வளவு, யார் கொடுக்கிறார்கள் என்று பெரும்பாலான படிவங்களில் கேட்பார்கள். மகளும் மருமகனும் டிக்கெட் எடுத்துத் தருகிறார்கள் என்றால் அதை அப்படியே எழுதுங்கள், அவர்கள் கொடுக்கும் கடிதத்தையும் இணையுங்கள். அரசு ஊழியருக்கு மற்றவர் கொடுத்த பணம் என்று பிறகு ஒரு கேள்வி வந்தால், முன்னாலேயே எழுதிக் கொடுத்த இந்த ஒரு வரிதான் உங்களுக்குத் துணை. உங்கள் சேமிப்பிலிருந்து என்றால் வங்கிக் கணக்கு நகல் போதும். பாஸ்போர்ட் முதல், கடைசிப் பக்க நகல், மகளின் அழைப்புக் கடிதம், அங்கே அவர் தங்கும் முகவரி, பிரசவத் தேதி குறிப்பிட்ட மருத்துவரின் கடிதம், இதற்கு முன் வெளிநாடு போயிருந்தால் அந்த விவரம் ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் கையில் இல்லாத பகுதி ஒன்று உண்டு. உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை விதி 17(அ), 17(ஆ)-இன் கீழ் குற்றச்சாட்டு எதுவும் நிலுவையில் இல்லை, ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தில் விசாரணை இல்லை, தணிக்கைத் தடையோ அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியோ இல்லை என்று அலுவலகத் தலைவர் சான்று எழுதுவார். நாள் அதிகம் பிடிப்பது இதற்குத்தான். ஒரு பழைய விளக்கக் குறிப்பாணைக்கு நீங்கள் பதில் கொடுத்து, அதன்மீது முடிவாக எதுவும் எழுதாமல் கோப்பு திறந்தே கிடக்கலாம். உங்களுக்கு அது முடிந்துபோன விஷயம், பிரிவின் கணக்கில் அது நிலுவை. இப்போதே உங்கள் தன்விவரக் கோப்பைப் பார்க்கச் சொல்லி, அப்படி ஏதாவது இருந்தால் முடிவு ஆணை வாங்கிவிடுங்கள். நடவடிக்கை நிலுவையில் இருந்தாலே அனுமதி கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். காரணத்தையும் குற்றச்சாட்டின் தன்மையையும் பார்த்துக் கொடுத்ததும் உண்டு, மறுத்ததும் உண்டு. அது மேலதிகாரியின் முடிவு. மறைத்து விண்ணப்பிப்பது மட்டும் கூடவே கூடாது.

எப்போது கொடுப்பது? பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால், அதாவது ஜனவரி இறுதிக்குள் கொடுத்துவிடுங்கள் என்பது என் அனுபவம். விதியில் இத்தனை நாள் என்று இருக்கிறதா என்பதைவிட, வட்டத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து சென்னை, பிறகு அதே வழியில் கீழே என்று தபால் நகரும் வேகத்தை வைத்துச் சொல்கிறேன். உரிய வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அவசரம் என்று நேராகச் சென்னைக்கு அனுப்பிய மனு, "உரிய வழியாக அனுப்புக" என்ற குறிப்போடு கீழே வந்து சேரும். ஒவ்வொரு கட்டத்திலும் கோப்புக்குப் போடும் ந.க. எண்ணையும் நாளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "சிங்கப்பூர் பர்மிஷன் என்ன ஆச்சுங்க?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எண்ணைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். உத்தரவு கையில் வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை எடுக்காதீர்கள். விலை குறைவாக இருக்கிறது என்று மருமகன் எடுத்துவிட்டால், "டிக்கெட் எடுத்தாயிற்று, அனுமதி கொடுங்கள்" என்று மேலதிகாரி முன்னால் நிற்க வேண்டி வரும். அது விண்ணப்பத்துக்கு நல்லது செய்யாது.

உத்தரவு தமிழில் வரும். விசா முகவர் ஆங்கிலத்தில் கேட்பார். அதனால் உத்தரவு வந்த அன்றே, அதன் எண்ணைக் குறிப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் உங்கள் அலுவலகத் தலைவரிடம் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவில் இருக்கும் நிபந்தனைகளையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அங்கே எந்த வேலையும் பார்க்கக் கூடாது, அரசுக்குச் செலவு வைக்கக் கூடாது, விடுப்பை நீட்டிக்கக் கூடாது என்பவை சாதாரணமாக வரும்.

நீட்டிப்புதான் உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல். டாக்டர் சொன்ன தேதியில் குழந்தை பிறக்கும் என்று உறுதி கிடையாது. பிரசவ நாள் மே மூன்றாவது வாரம் என்றால், நான் மேலே போட்ட கணக்கில் குழந்தை பிறந்தபிறகு உங்களுக்கு ஒன்றிரண்டு வாரம்தான் மிஞ்சும். அப்படியானால் மொத்தத்தையும் பத்து நாள் தள்ளிப் போடலாமா என்று மகளோடு இப்போதே பேசுங்கள். அங்கே போனபிறகு நீட்டிப்பதென்றால் மூன்று இடத்தில் நீட்டிக்க வேண்டும்: அந்த நாட்டில் தங்கும் அனுமதி, துறையின் வெளிநாட்டு அனுமதி, விடுப்பு. மூன்றும் காலம் முடிவதற்கு முன்னாலேயே வந்தாக வேண்டும். மருத்துவச் சான்றோடு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை, அதனால் தங்கிவிட்டேன் என்றால் அது அனுமதியில்லாத பணிவராமை. ஊதியம் போவதோடு நிற்காது, ஒழுங்கு நடவடிக்கைக்கும் வழி திறக்கும். விடுப்பைச் சற்றுக் கூடுதலாக வாங்கிவிட்டு முன்னதாகத் திரும்புவது எளிது. மீதி நாளை ரத்து செய்து பணியில் சேர அனுமதிக்கக் கோரி ஒரு கடிதம் கொடுத்தால், அந்த நாட்கள் உங்கள் கணக்குக்கே திரும்பிவிடும்.

கிளம்பும் நாள் மாலை பொறுப்பை எழுத்தில் ஒப்படையுங்கள், பீரோ சாவி உட்பட. திரும்பி வந்த அன்று காலை பணியேற்பு அறிக்கையோடு, பாஸ்போர்ட்டில் புறப்பாடு, வருகை முத்திரை விழுந்த பக்கங்களின் நகலையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள். விடுப்பு உத்தரவு பணிப் பதிவேட்டில் பதிவாகிவிட்டதா என்று அந்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். ஓய்வூதியக் கோப்பு எழுதும்போது பதிவில்லாத ஒரு மாதம் தென்பட்டால், உத்தரவு நகலைத் தேடி நீங்கள்தான் அலைய வேண்டி இருக்கும்.